அம்மம்மா, பேத்தி, சுவாமி மலை: ஒரே புரொம்ப்டா, படிப்படியா?

திருகோணமலையில் சிறிய வடிவமைப்புக் கடை நடத்துகிறேன். அழைப்பிதழ், பதாகை, எப்போதாவது ஒரு புத்தக அட்டை. அண்மையில் ஓர் ஆசிரியை தான் எழுதிய சிறுவர் கதைப் புத்தகத்துக்கு அட்டைப்படம் கேட்டு வந்தார். அவருடைய தேவையை அவர் வாய்ப்படியே எழுதி வைத்தேன். “தம்பி, விடியக்காலமை டச் பே கடற்கரை. அம்மம்மா கடகத்தோட நிக்கோணும். பச்சை நூல் சேலை. பேத்தி பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, டை, இரட்டைப் பின்னல். பின்னால சுவாமி மலை தெரியோணும். பக்கத்தில ஒரு மானும் நிண்டா வடிவா இருக்கும்.”

கேட்க ஒரே படம்தான். ஆனால் சேலை, சீருடை, கடகம், மான், மலை, காலை வெளிச்சம் என்று ஆறு விடயங்கள் ஒரே நேரத்தில் சரியாக வந்தாக வேண்டும். நீர்வண்ண ஓவியம் போல இருக்க வேண்டும் என்பது அதற்கு மேல். செயற்கை நுண்ணறிவுப் படக் கருவியில் இதைச் செய்ய நான்கு வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே புரொம்ப்டில், அதாவது கருவிக்கு எழுதிக் கொடுக்கும் ஒரே கட்டளையில், எழுதிவிடலாம். அடிப்படைப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, “சேலையை மாற்று, பின்னணியை மாற்று” என்று சொல்லாலேயே ஒவ்வொன்றாகத் திருத்தலாம். அதே அடிப்படைப் படத்தில் மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் தூரிகையால் மூடி, அந்த இடத்தை மட்டும் புதிதாக வரையவைக்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பொருளையும் தனியாக எடுத்து, லேயர்களாக ஒட்டலாம். நான்கையும் இந்த ஓர் அட்டைக்காகவே செய்து பார்த்தேன். எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தெரிந்ததை அந்தப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில்

என் கணினியில் ஸ்டேபிள் டிஃபியூஷன் எக்ஸ்எல் என்ற படம் வரையும் மொடல் இருக்கிறது. முதலில் இதைத்தான் கொடுத்தேன்:

```
old Tamil woman in dull green cotton saree holding palm-leaf
basket, schoolgirl in white uniform with maroon tie, two plaits,
spotted deer, beach at dawn, rocky headland with temple,
watercolour
```

வந்த படங்கள் அழகானவை, ஆனால் பிழையானவை. ஒன்றில் சேலை வெள்ளையாகி அதற்கு மரூன் கரை வந்தது, பிள்ளையின் டை பச்சையானது. இன்னொன்றில் மானின் புள்ளிகள் பிள்ளையின் சட்டைக்கு ஏறின. கடகம் எல்லாப் படத்திலும் பிரம்புக் கூடையாகவே வந்தது. பனையோலையில் பின்னிய, அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் உள்ள நம் கடகத்தை அந்த மொடல் கண்டிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மம்மாவுக்கோ கல்யாண வீட்டு நகைகள்.

நிறம் இப்படி இடம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. புரொம்ப்டில் உள்ள சொற்கள் எண்களாக மாறியபின், படத்தின் ஒவ்வொரு பகுதியும் எல்லாச் சொற்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் தன்னை வரைந்துகொள்கிறது. “பச்சை” என்ற சொல் “சேலை”யோடு முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டதல்ல, அதன் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உடுத்த இரண்டு பேர் ஒரே படத்தில் நின்றால் அந்தச் சாய்வு போதாது. புரொம்ப்டை நீட்டி எழுதினால் சரிவரும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகை மொடல்களில் சொல்லை வாசிக்கும் பகுதியான கிளிப், ஒரு தடவையில் 77 துண்டுகளைத்தான் எடுக்கும். அதற்கு மேல் எழுதினால் சில மென்பொருள்கள் பகுதி பகுதியாக வெட்டி வாசிக்கவைக்கும். அப்போது கடைசியில் எழுதியவற்றின் பிடி இன்னும் தளர்வதைக் கண்டிருக்கிறேன். 2024இல் வந்த ஃபிளக்ஸ் போன்ற மொடல்களில் வாக்கியத்தை நன்றாக வாசிக்கும் பெரிய பகுதி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அவற்றில் இந்தக் கலப்பு குறைவு. ஆனால் கடகத்தையும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையையும் அறியாத மொடலுக்கு வாசிப்புத் திறன் கூடினாலும் அவற்றை வரையத் தெரியாது.

அதற்காக ஒரே புரொம்ப்ட் வழியை ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு விடயங்களும் ஒன்றையொன்று சாராமல் பத்துக்கு ஏழு முறை சரியாக வரும் என்று வையுங்கள். ஆறும் சேர்ந்து சரியாக வர சராசரியாக எட்டு ஒன்பது படம் எடுத்தால் போதும். அதையே ஒவ்வொன்றாகத் திருத்தினாலும் ஏறத்தாழ அதே எட்டு ஒன்பது முயற்சிதான் ஆகும். அப்படியானால் படிப்படியாகப் போவதில் ஒரு லாபமும் இல்லை. ஒவ்வொன்றும் இரண்டுக்கு ஒரு முறைதான் சரியாக வரும் என்றால் கதை மாறுகிறது. ஒரே மூச்சில் 64 படம், படிப்படியாக 12 முயற்சி. மொடலுக்கே தெரியாத ஒரு பொருள் உள்ளே வந்துவிட்டால் ஒரே மூச்சு வழியில் எத்தனை எடுத்தாலும் முடியாது.

ஆகவே கடற்கரையில் ஒரு வள்ளம், பின்னால் சூரியன் என்ற அளவிலான படத்துக்கு நான் இன்றைக்கும் ஒரே புரொம்ப்டுதான் எழுதுவேன். வெளிச்சமும் நிறமும் அதில்தான் ஒன்றோடொன்று இயல்பாகப் பொருந்துகின்றன. மற்ற மூன்று வழிகளிலும் அந்தப் பொருத்தத்தை நாமே உண்டாக்க வேண்டும்.

அடிப்படைப் படத்தில் எது இருக்க வேண்டும்

மற்ற மூன்று வழிக்கும் அடிப்படைப் படம் ஒன்று வேண்டும். அதில் என்ன வைப்பது, எதைப் பின்னுக்கு விடுவது என்பதில்தான் வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. நான் வைத்திருக்கும் விதி இதுதான்: பிறகு திருத்தவே முடியாதவற்றை மட்டும் அடிப்படையில் முடிவு செய்ய வேண்டும். நிற்கும் நிலை, உருவத்தின் வெளிக்கோடு, வெளிச்சம் வரும் திசை, அடிவானம் இருக்கும் உயரம், இந்த நான்கும்தான் அவை. முகத்தின் அழகைப் பார்த்து அடிப்படையைத் தெரிவு செய்வது நான் நீண்ட காலம் செய்த தவறு. முகத்தைக் கடைசியில் பத்து நிமிடத்தில் மாற்றலாம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்த படத்தை வலப்பக்கமாக மாற்றுவது பெரும்பாடு.

டச் பேயில் நின்று சுவாமி மலையைப் பார்த்தால் நாம் ஏறக்குறைய வடக்கே பார்க்கிறோம். கடல் வலப்பக்கம். காலைச் சூரியனும் அந்தப் பக்கம்தான். ஆகவே வெளிச்சம் வலமிருந்து, தாழ்வாக வரவேண்டும், நிழல்கள் இடப்பக்கம் நீள வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் வாசிக்கப்போகும் புத்தகம். இடப்பக்கமிருந்து சூரியன் வந்தால் அவர்களே பிழை பிடித்துவிடுவார்கள்.

உடுப்பில் ஒரு சின்ன உபாயம் உண்டு. அடிப்படையில் நிறமும் கரையும் இல்லாத சாம்பல் சேலையையும் சாம்பல் சட்டையையும் கேட்டேன். ஜீன்ஸோடு எடுத்துவிட்டுப் பிறகு சேலையாக்க முயன்றால் உருவத்தின் வெளிக்கோடே மாறும். கால்களுக்கு இடையில் தெரிந்த மணல் மறைய வேண்டும், முந்தானைக்குப் பின்னால் கடல் மறைய வேண்டும். முதலிலேயே சேலையின் கனம் அங்கே இருந்தால், பிறகு மாறுவது நிறமும் நெசவும்தான். இரண்டு பேருக்கும் ஒரே சாம்பல் என்பதால் நிறம் ஒருவரிலிருந்து மற்றவருக்கு ஒழுகவும் வழியில்லை.

```
watercolour, old woman in plain grey saree, girl in plain
knee-length grey frock, standing side by side on empty beach,
low morning sun from the right, camera at child's eye level
```

மலை இல்லை, மான் இல்லை, கடகம் இல்லை. 832×1216 அளவில் 24 படம் எடுத்தேன். அம்மம்மாவின் ஒரு கை இடுப்பருகே வளைந்து, பிறகு கடகத்தை வைக்க இடம் விட்ட படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் பிள்ளையின் முகம் கோணலாக இருந்தது. இருந்தும் அதைத்தான் எடுத்தேன்.

சொல்லால் திருத்துவதா, மூடித் திருத்துவதா

ஒரு வசனத்தைச் சொன்னால் படத்தைத் திருத்தித் தரும் மொடல்கள் 2025இல் பல வந்தன. ஃபிளக்ஸ் கொன்டெக்ஸ்ட், குவென் இமேஜ் எடிட் போன்றவை. “சேலையை மங்கிய பச்சை நூல் சேலையாக மாற்று, மற்றது எல்லாம் அப்படியே இருக்கட்டும்” என்றால் மாற்றித் தரும். மாற்ற வேண்டிய இடத்தை மூடும் மாஸ்க் வரையத் தேவையில்லை, கைபேசியிலேயே செய்யக்கூடிய சேவைகளும் உண்டு. முதல் திருத்தம் பெரும்பாலும் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக இருக்கும். சேலை உடலின் மடிப்புகளைப் பின்பற்றும், வெளிச்சமும் சரியாக விழும்.

சிக்கல் மூன்றாவது நான்காவது திருத்தத்தில் தெரியும். சேலை, சட்டை, பின்னணி, மான் என்று ஒன்றின்மேல் ஒன்றாக நான் செய்தபோது நான்காவது படத்தில் இருந்தவர் வேறொரு அம்மம்மா. மூக்கு சிறுத்திருந்தது, தோல் மெழுகு போல வழவழப்பாக இருந்தது, காகிதத்தின் சொரசொரப்பு போய்விட்டது. படம் முழுதும் சற்று மஞ்சளேறியும் இருந்தது. இந்த மொடல்கள் சொன்ன இடத்தை மட்டும் தொடுவதில்லை. முழுப் படத்தையும் சுருக்கி எடுத்து, முழுவதையும் மீண்டும் வரைந்து தருகின்றன. மாறாத இடங்கள் மாறாதவை போலத் தோன்றும், உண்மையில் அவையும் புதிதாக வரையப்பட்டவையே. போட்டோகொப்பியை மீண்டும் போட்டோகொப்பி எடுப்பது போல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

இதைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஜிம்ப் அல்லது கிரிட்டா போன்ற படத்திருத்த மென்பொருளில் இரண்டு லேயராக வைத்து, மேலே உள்ளதன் கலப்பு முறையை `Difference` ஆக்குங்கள். மாறாத இடம் கறுப்பாகவும், மாறிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். சேலையை மட்டும் மாற்றச் சொன்ன படத்தில் அம்மம்மாவின் கண்களும் அலையின் நுரையும் மங்கலாக மின்னுவதை அப்போதுதான் கண்டேன்.

இதற்கு நான் கண்ட மருந்து, சங்கிலியை விசிறியாக்குவது. இரண்டாவது திருத்தத்தை முதல் திருத்தத்தின் மேல் செய்யாமல், மறுபடியும் அடிப்படைப் படத்திலிருந்தே தொடங்க வேண்டும். சேலைப் படம் ஒன்று, சட்டைப் படம் ஒன்று என்று தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் தேவையான துண்டை மட்டும் லேயர் மாஸ்க் மூலம் அடிப்படையின் மேல் வைத்தால் முகமும் மணலும் முதல் தலைமுறையாகவே நிற்கும். சில வேளைகளில் மொடல் முழுப் படத்தையும் ஓரிரு புள்ளி நகர்த்தித் தரும். ஒட்டுமுன் அதைச் சரிபார்த்து நகர்த்திக்கொள்ள வேண்டும்.

மூடித் திருத்துவதில் இந்தத் தேய்வு குறைவு. மாஸ்குக்கு வெளியே உள்ளதைத் தொடாமல், வரைந்த துண்டைப் பழைய படத்தில் திரும்ப ஒட்டிவிடும். நான் பாவிக்கும் ஒட்டோமெட்டிக்1111 இடைமுகத்தில் `Inpaint` தானாகவே அப்படிச் செய்கிறது. கொம்ஃபியூஐ பாவிப்பவர்கள் கடைசியில் `ImageCompositeMasked` என்ற நோடை வைத்துத் தாங்களே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்குக்கு வெளியே உள்ள இடமும் ஒருமுறை சுருங்கி விரிந்து வரும், மெல்லிய கோடுகள் மங்கும்.

மூடித் திருத்துவதில் எல்லாம் `Denoising strength` என்ற ஓர் எண்ணில் தங்கியிருக்கிறது. 0 என்றால் ஒன்றும் மாறாது, 1 என்றால் அந்த இடத்தில் முன்பு இருந்தது முற்றாக மறந்துபோகும். சாம்பல் சேலையைப் பச்சை நூல் சேலையாக்க 0.55 போதுமாக இருந்தது, மடிப்புகள் அப்படியே நின்றன. 0.8க்கு ஏற்றியபோது மொடல் தன் விருப்பப்படி பட்டுச் சேலையும் சரிகையும் கொண்டுவந்தது.

பள்ளிச் சட்டைதான் என்னைப் பாடுபடுத்தியது. 0.55இல் சட்டை சாம்பலாகவே இருந்தது, 0.75இல் வெள்ளையானது, ஆனால் மடிப்பு வைத்த சீருடை கவுனாகிப் பொம்மை உடுப்புப் போல விரிந்தது. தொடக்கத்தில் அந்த இடத்தில் என்ன நிறம் இருந்ததோ, குறைந்த எண்ணில் அதுவே தங்கும். அதனால் மொடலிடம் கேட்பதை விட்டுவிட்டு, ஜிம்பில் சட்டையின் மேல் வெள்ளையை நானே தட்டையாகப் பூசினேன். நிழல் பக்கம் கொஞ்சம் நீலச் சாம்பல், கழுத்திலிருந்து ஒரு மரூன் கோடு. ஐந்து நிமிட வேலை, பார்க்க அலங்கோலம். அதை மூடி 0.5இல் ஓடவிட்டதும் முதல் நான்கு படத்துக்குள்ளேயே நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளை வந்து நின்றாள். கடகத்துக்கும் இதே வழிதான். வீட்டில் இருந்த கடகத்தை அதே கோணத்தில், வலப்பக்க வெளிச்சத்தில் கைபேசியால் படமெடுத்து, வெட்டி இடுப்பில் ஒட்டி, 0.4இல் நீர்வண்ணமாக்கினேன். மொடலுக்குத் தெரியாத பொருளைச் சொல்லால் விளக்குவதைவிடக் காட்டுவது கெதியானது.

இரண்டில் எதைத் தெரிவது? உடுப்பின் உருவமே மாற வேண்டும், அல்லது கையை உயர்த்த வேண்டும் என்றால் சொல்லால் திருத்தும் மொடல்தான் கெட்டி. உடல் உடுப்புக்குள் எப்படி இருக்கிறது என்பதை அது முழுப் படத்தையும் பார்த்து விளங்கிக்கொள்கிறது. நிறம், துணி, முகம், கையில் உள்ள பொருள் என்றால் மூடித் திருத்துவதே என் தெரிவு. மாஸ்க் வரையக் கைக்கு ஒரு பேனா இருந்தால் நல்லது, மவுஸாலும் முடியும்.

மலையை எங்கிருந்து எடுப்பது

பின்னணியை மொடலிடம் கேட்டால் ஏதோ ஒரு மலையும் ஏதோ ஒரு கோபுரமும் வரும். சுவாமி மலையின் கோடு ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். இடப்பக்கம் கோட்டை மரங்களோடு தாழ்வாகத் தொடங்கி, வலப்பக்கம் உயர்ந்து, கோணேசர் கோயிலோடு கடலுக்குள் செங்குத்தாக இறங்க வேண்டும். அதை வெறும் சொல்லால் வரவைக்க முடியாது. இங்கே நான்காவது வழியான லேயர் ஒட்டுதல் தவிர வேறு தெரிவு இருக்கவில்லை.

என்னிடம் பழைய புகைப்படம் ஒன்று இருந்தது, கடற்கரை வீதியருகே உயரமான இடத்தில் நின்று எடுத்தது. அதை அடிப்படையின் பின்னால் வைத்தபோது அம்மம்மாவும் பேத்தியும் பள்ளத்தில் நிற்பது போல இருந்தார்கள். நிறமும் வெளிச்சமும் சரி, ஆனாலும் ஏதோ இடித்தது. பிழை அடிவானத்தில். கடலின் அடிவானம் எப்போதும் கமராவின் உயரத்திலேயே தெரியும். சமதரையில் நிற்பவர்களை அது கமரா உயரத்துக்குச் சமமான இடத்தில் வெட்டும். என் அடிப்படையில் கமரா பிள்ளையின் கண் உயரத்தில் இருந்தது. ஆகவே அடிவானம் பிள்ளையின் கண்ணையும் அம்மம்மாவின் நெஞ்சையும் தொட்டுப் போக வேண்டும். புகைப்படத்தில் மணலைப் பார்க்கும் கோணமே வேறு. மறுநாள் காலை மணலில் முழங்காலிட்டு, கைபேசியை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் பிடித்து மலையை மீண்டும் எடுத்தேன். இரண்டு அடிவானக் கோட்டையும் ஒன்றாக வைத்ததும் இருவரும் மணலில் கால் பதித்து நின்றார்கள்.

புகைப்படம் ஓவியமாக வேண்டுமே. அதை மட்டும் தனியாக 0.5இல் நீர்வண்ணமாக்கினேன், கூடவே மூலப் படத்தின் அமைப்பை விட்டு விலகாமல் வரையவைக்கும் கொன்ட்ரோல்நெற் என்ற துணை மொடலைக் கோடுகளைப் பிடிக்கும் முறையில் வைத்தேன். அது இல்லாமல் 0.5 கொடுத்தால் கோயில் இருக்கும் உச்சியின் கோடு கரைந்துவிடுகிறது. பிறகு இரண்டு உருவங்களையும் மேலே வைத்து, அவர்களைச் சுற்றிய ஓரத்தை மட்டும் விரலளவு அகலமான மாஸ்கால் மூடி 0.3இல் ஓட்டினேன். வெட்டி ஒட்டிய தலைமயிர் ஓரத்தில் இருந்த வெள்ளைக் கோடு அதில் போய்விட்டது. எண்ணைக் கூட்டினால் முடியின் அருகே புதிய முடி முளைக்கும், கவனம்.

வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னணியை முதலில் முடித்துவிட்டுத்தான் உடுப்புக்குப் போனேன். முதல் முயற்சியில் மாறிச் செய்து, பச்சைச் சேலையைப் பூர்த்தியாக்கியபின் மலையை வைத்தபோது, ஓரத்தைச் சரிசெய்ய முந்தானையின் கரையையே மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. அதோடு விடியற்கால வானத்தின் இளஞ்சிவப்பு பக்கத்தில் இல்லாதபோது வரைந்த பச்சை, மதிய வெயிலின் பச்சையாக இருந்தது. பெரியதும் பின்னால் உள்ளதும் முதலில், சிறியதும் முன்னால் உள்ளதும் பிறகு.

முகம், மான், நிழல்

நுணுக்கங்களைத் தொடுமுன் படத்தை இரண்டு மடங்கு பெருப்பித்தேன், 1664×2432. காரணம் முகம். இந்த மொடல்கள் படத்தை நேரே வரைவதில்லை, எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய கட்டத்தில் வரைகின்றன. அடிப்படைப் படத்தில் பிள்ளையின் முகம் 72 புள்ளி அகலம். அதாவது மொடலுக்குக் கிடைத்தது அகலவாக்கில் ஒன்பது கட்டம். ஒன்பது கட்ட அகலத்துக்குள் இரண்டு கண், மூக்கு, வாய் எல்லாம் எப்படி அடங்கும்? முகம் கோணலாக வந்தது மொடலின் குற்றமல்ல, இடம் போதாமை.

`Only masked` என்பதைத் தெரிந்தால், மூடிய இடத்தையும் சுற்றியுள்ள கொஞ்சத்தையும் மட்டும் வெட்டி எடுத்து, 1024 அளவுக்குப் பெருப்பித்து வரைந்து, சுருக்கி அதே இடத்தில் வைக்கும். அதே முகத்துக்கு இப்போது பல மடங்கு கட்டங்கள். 0.4இல் முகம் ஒரே தடவையில் தெளிந்தது. ஆனால் சுற்றுப்புறம் எவ்வளவு என்பதைச் சொல்லும் `Only masked padding, pixels` முன்னிருப்பாக 32இல் இருக்கிறது. அந்த அளவில் மொடல் முகத்தை மட்டுமே காண்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியவில்லை. இடக் கன்னம் பளிச்சென்று வந்தது. 96 ஆக்கியதும் தோளும் வானமும் உள்ளே வந்து, வெளிச்சம் வலக் கன்னத்துக்குத் திரும்பியது.

புரொம்ப்டையும் ஒவ்வொரு துண்டுக்கும் மாற்ற வேண்டும். மானைச் சேர்க்கும்போது புரொம்ப்டில் மானும் மணலும் மட்டும் இருக்கட்டும். முழுக் காட்சியின் புரொம்ப்டையும் விட்டுவைத்தால் மூடிய சிறு இடத்துக்குள் இன்னொரு குட்டி அம்மம்மா முளைப்பாள். எனக்கு உண்மையிலேயே முளைத்தாள். புத்தகத்தின் பெயரை மட்டும் இதில் எதனாலும் வரையவைக்கவில்லை. தமிழ் எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன, அதைப் பக்க வடிவமைப்பில் எழுத்துருவால் போடுவதே வழி. 300 டிபிஐயில் ஏ5 அட்டைக்கு, ஒவ்வொரு பக்கமும் வெட்டு ஓரம் மூன்று மில்லிமீற்றரையும் சேர்த்து, 1819×2551 புள்ளி வேண்டும். கடைசியில் இன்னும் ஒரு துளி பெருப்பித்து, மேலே வானத்தில் கொஞ்சம் வெட்டினேன்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரே மூச்சு வழியில் ஒரு பின்னேரம் முழுக்க எடுத்த படங்களில் ஒன்றும் தேறவில்லை. சொல்லால் திருத்தியது ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது, அம்மம்மா மாறிப்போனதுதான் குறை. அடிப்படை, ஒட்டிய மலை, மூடித் திருத்திய உடுப்பும் முகமும் என்ற கலப்பு வழிக்கு, மணலில் முழங்காலிட்ட காலையையும் சேர்த்து, ஒன்றரை நாள். சமூக ஊடகத்தில் ஒரு நாள் இருக்கும் வாழ்த்துப் படமென்றால் ஒன்றரை நாளைச் செலவழிக்க மாட்டேன், சொல்லால் இரண்டு திருத்தம் செய்து நிறுத்துவேன். அச்சில் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் அட்டை, அதிலும் ஊர்க்காரர் அடையாளம் காணவேண்டிய இடம் என்றால் கலப்பு வழியைத் தவிர வேறொன்றை இப்போதைக்குத் தெரிய மாட்டேன்.

படத்தைக் காட்டியபோது ஆசிரியை நெடுநேரம் பார்த்தார். மலை சரி, சட்டை சரி என்றார். பிறகு மானில் விரலை வைத்தார். “தம்பி, அம்மம்மாக்கும் பிள்ளைக்கும் நிழல் இருக்கு. மானுக்கு இல்லையே?”

மானின் உருவத்தை ஒட்டி இறுக்கமாக மாஸ்க் வரைந்திருந்தேன். நிழல் விழவேண்டிய மணல் மாஸ்குக்கு வெளியே இருந்ததால் மொடலுக்கு அங்கே வரைய அனுமதியே இருக்கவில்லை. கடையிலேயே கோப்பைத் திறந்து, மானின் காலடியிலிருந்து இடப்பக்கமாக மற்ற இரண்டு நிழலின் நீளத்துக்கு மெல்லிய சாம்பல் நீலம் பூசினேன். அந்த மணலையும் நான்கு குளம்பையும் சேர்த்து மூடி 0.45இல் மூன்று படம் எடுத்தேன். இரண்டாவதை அவர் தெரிந்தார்.